11 சென்ட் என்றால் 2 கிரவுண்டா? தரகர் கணக்கில் 2,36,500 ரூபாய் இடிக்கிறது

செங்காங் மலர் | மார்ச் 2, இரவு 9.50

செங்கல்பட்டு தாண்டி எங்கள் ஊரில், எங்கள் வீட்டுக்கு மேல்புறம் இருக்கும் மனை விலைக்கு வந்திருக்கிறது. உரிமையாளர் வாயால் சொன்னது சென்ட் 9.5 லட்சம். மூலப்பத்திரத்தில் 11 சென்ட் என்று இருக்கிறது. 11 × 9.5 லட்சம், 1,04,50,000. இதுவரை குழப்பம் இல்லை.

இன்று தரகர் வாட்ஸப்பில் ஒரு கணக்குச் சீட்டு அனுப்பினார். அதில் சென்ட் என்ற பேச்சே இல்லை. "2 கிரவுண்டு 57.5 சதுர அடி, மொத்தம் 4,857.5 சதுர அடி, அடி 2,200, ஆக 1,06,86,500." 2,36,500 கூடியிருக்கிறது. கேட்டால், "சென்ட்டை அடியாக மாத்தினா அப்படித்தான்மா வரும்" என்கிறார்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். மாற்றினால் பணம் கூடும் என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சென்ட்டுக்கு எத்தனை சதுர அடி என்பதிலேயே தம்பி 435 என்கிறான், பக்கத்து வீட்டு மாமா 440 என்கிறார். எதை வைத்துச் சரிபார்ப்பது?

ஈசூன் பெரியவர் | மார்ச் 2, இரவு 10.15

இதில் குழம்ப என்ன இருக்கிறது. சென்ட் 436. கிரவுண்டு 2,400. ஐந்தரை சென்ட் ஒரு கிரவுண்டு. 11 சென்ட் ரெண்டு கிரவுண்டு. 4,800 சதுர அடி. தரகரிடம் 4,800க்குப் பேசுங்கள், முடிந்தது. நான் 90களில் தாம்பரத்தில் வாங்கியபோது இப்படித்தான் பேசினோம், யாரும் எக்செல் போடவில்லை.

செங்காங் மலர் | மார்ச் 2, இரவு 10.32

பெரியவர் ஐயா, 4,800ஐ 2,200ஆல் பெருக்கினாலும் 1,05,60,000 வருகிறதே. என் கணக்கைவிட 1,10,000 அதிகம். பரப்பில் மட்டும் இல்லை, வேறு எங்கேயோ இடிக்கிறது.

உட்லண்ட்ஸ் பையன் | மார்ச் 2, இரவு 11.05

இங்கே சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன், கிரவுண்டு என்றால் எனக்குப் பந்து விளையாடும் இடம்தான். 11 சென்ட் 445 சதுர மீட்டர் என்று போட்டுப் பார்த்தேன். வீவக நாலறை வீடு 90 சதுர மீட்டர் சுமாருக்கு இருக்கும். அப்படியானால் ஐந்து வீடு அளவு நிலம்! அக்கா, வாங்கிப் போடுங்கள், இரண்டு லட்ச ரூபாய்க்கு யோசிக்காதீர்கள்.

டேப் தங்கராசு | மார்ச் 3, காலை 6.20

வேலைத்தளத்துக்குப் போகும் பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். ஊரில் தனியார் சர்வேயரிடம் சங்கிலி பிடித்துப் பழகியவன், இங்கே கட்டடத்துக்குக் கோடு போடும் வேலை.

சென்ட் என்பது ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. ஏக்கர் 43,560 சதுர அடி. அதனால் சென்ட் 435.6, இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடம் இல்லை. பழைய 66 அடிச் சங்கிலியை நீளத்துக்கு ஒரு தடவை, அகலத்துக்கு ஒரு தடவை போட்டால் 4,356 சதுர அடி, அதுதான் 10 சென்ட். 435, 436 எல்லாம் வாய்க்கணக்கு. 440 என்பது விற்கிறவர் வாய்க்கணக்கு.

உங்கள் 11 சென்ட் 4,791.6 சதுர அடி. பெரியவர் சொன்ன ரெண்டு கிரவுண்டுக்கும் அதற்கும் 8.4 சதுர அடிதான் வித்தியாசம். அதில் 2,36,500 வராது.

மலர், விலையையும் ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். 9.5 லட்சத்தை 435.6ஆல் வகுத்தால் என்ன வருகிறது?

செங்காங் மலர் | மார்ச் 3, மதியம் 12.40

2,180.9 வருகிறது. அவர் 2,200 போட்டிருக்கிறார்! பரப்பை மாற்றிய கையோடு விலையையும் மேல்பக்கமாக முழு எண் ஆக்கிவிட்டார். அடிக்கு 19 ரூபாய் சொச்சம் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பத்திரப் பரப்பான 4,791.6ஐயே 2,200ஆல் பெருக்கினால் 1,05,41,520. அதாவது இடத்தை ஒரு அங்குலம்கூட நீட்டாமல் 91,520 கூடிவிட்டது.

மீதி 1,44,980. அது 65.9 சதுர அடிக்கான பணம். 4,857.5இல் 4,791.6 போக மிச்சம் அவ்வளவு. இந்த 65.9 எங்கிருந்து முளைத்தது என்று பார்க்க வேண்டும். தரகர் 440 போட்டிருந்தாலும் 4,840தான் வரும், 4,857.5 வராது. அந்தப் புள்ளி ஐந்தைப் பார்த்தால் எதையோ பாதியாக்கின மாதிரி தெரிகிறது.

துவாஸ் பாண்டி | மார்ச் 3, மாலை 7.10

எங்கள் பக்கம் தஞ்சாவூர். அங்கே சென்ட்டும் இல்லை கிரவுண்டும் இல்லை, மாதான். அப்பா பங்கு 2 மா என்று பாட்டனார் பாகப்பத்திரத்தில் இருக்கிறது. 100 குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர் என்பார்கள். இப்போது தம்பி "66 சென்ட்தான் வருது" என்கிறான். மூன்று மா ஒரு ஏக்கர் என்றால் இரண்டு மா 66.67 சென்ட் இல்லையா? முக்கால் சென்ட் எங்கே போனது? யாராவது சொல்லுங்கள், வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோய்விட்டது.

ஈசூன் பெரியவர் | மார்ச் 3, இரவு 8.00

பாண்டி, உன் கதை பிறகு. மலர், முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். பட்டா பார்த்தீர்களா? இன்னொன்று, இங்கே இருந்துகொண்டு நீங்கள் விவசாய நிலம் வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் சரி, ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் சரி, வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு நன்செய், புன்செய், தோட்டம் வாங்க அனுமதி இல்லை. வீட்டுமனை என்றால் வாங்கலாம்.

செங்காங் மலர் | மார்ச் 3, இரவு 8.25

அம்மா பேரில் வாங்குகிறோம் ஐயா, அம்மா ஊரில்தான் இருக்கிறார். மனை முன்பே இரண்டு தடவை வீட்டுமனையாகப் பதிவாகிக் கைமாறியிருக்கிறது. அந்தப் பக்கத்தை வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வேண்டியது பரப்புக் கணக்கு.

பட்டாவை eservices.tn.gov.in தளத்தில் எடுத்தேன். தனி உட்பிரிவு, உரிமையாளர் ஒருவர்தான். பரப்பு 0 - 04.50 என்று இருக்கிறது.

ஈசூன் பெரியவர் | மார்ச் 3, இரவு 8.31

பார்த்தீர்களா! பட்டாவில் நாலரை சென்ட்தான் இருக்கிறது. 11 சென்ட் என்று பத்திரம் எழுதி ஏமாற்றுகிறார்கள். 1,960 சதுர அடி இடத்தை ஒரு கோடிக்கு விற்கப் பார்க்கிறான். தம்பியை உடனே போய் நிறுத்தச் சொல்லுங்கள்.

டேப் தங்கராசு | மார்ச் 3, இரவு 9.45

ஐயா, அது சென்ட் இல்லை, ஏர். பட்டாவில் இரண்டு கட்டம்: முதலாவது ஹெக்டேர், அடுத்தது ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். 4.50 ஏர் என்றால் 450 சதுர மீட்டர். 10.764ஆல் பெருக்கினால் 4,844 சதுர அடி, 11.12 சென்ட். யாரும் ஏமாற்றவில்லை. இந்தக் கட்டத்தைச் சென்ட் என்று படித்துவிட்டு அண்ணன் தம்பி வெட்டுக்குத்து வரை போன ஊர் எனக்குத் தெரியும்.

ஆனால் இங்கே ஒரு விஷயம் வந்துவிட்டது. பத்திரம் 11 சென்ட், பட்டா 11.12 சென்ட். 52 சதுர அடி பட்டாவில் கூடுதல். தரகர் நாளைக்கு இதைத் தூக்கிக்கொண்டு வருவார்.

மலர், பத்திரத்தில் நாலு பக்க அளவு எழுதியிருக்கும். அதை அப்படியே இங்கே போடுங்கள்.

செங்காங் மலர் | மார்ச் 4, இரவு 10.10

பத்திரத்தில் உள்ளபடி: "கிழமேல் வடபுறம் அடி 64, தென்புறம் அடி 70, தென்வடல் கீழ்புறம் அடி 71, மேல்புறம் அடி 74, இதற்குள்பட்ட 11 சென்ட்."

தட்டச்சு செய்து முடிப்பதற்குள்ளேயே விடை தெரிந்துவிட்டது. 64ம் 70ம் கூட்டிப் பாதி 67. 71ம் 74ம் கூட்டிப் பாதி 72.5. இரண்டையும் பெருக்கினால் 4,857.5. அந்தப் புள்ளி ஐந்து இதுதான். தரகர் சென்ட்டை மாற்றவே இல்லை. பத்திரத்தின் பக்க அளவுகளை எடுத்துச் சராசரி போட்டுப் பெருக்கியிருக்கிறார். கேட்டபோது சென்ட்டை மாற்றினேன் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் அவர் பக்கம் இருந்து யோசித்தால், பத்திரத்தில் இருக்கும் எண்கள்தானே. எது சரி? பக்க அளவா, 11 சென்ட்டா? இரண்டும் ஒரே பத்திரத்தில், ஒரே வரியில் இருக்கின்றன.

டேப் தங்கராசு | மார்ச் 4, இரவு 11.20

இரண்டும் சரியாக இருக்கலாம். தப்பு சராசரியில்.

நாலு மூலையும் சரியான மூலைமட்டம் என்றால்தான் அந்தக் கணக்கு உண்மை. கயிற்றுக் கட்டிலில் கயிற்றைக் கழற்றிவிட்டு வெறும் சட்டத்தை ஒரு மூலையில் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். நாலு சட்டமும் அதே நீளம்தான், உள்ளே இருக்கும் இடம் சுருங்கிக்கொண்டே போகும். சராசரிக் கணக்குக்கு அது தெரியாது. அது எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், ஒருநாளும் குறைத்துக் காட்டாது. அதனால்தான் விற்கிறவர்களுக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம்.

நாலு பக்கம் மட்டும் வைத்துக்கொண்டு பரப்பு சொல்லவே முடியாது. குறுக்கு வேண்டும், மூலைக்கு மூலை. குறுக்கைப் போட்டால் மனை இரண்டு முக்கோணம் ஆகிவிடும், முக்கோணத்துக்கு மூன்று பக்கம் தெரிந்தால் போதும். உங்கள் தம்பியை டேப் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். தென்மேற்குக் கல்லில் இருந்து வடகிழக்குக் கல் வரை ஒன்று, தென்கிழக்கில் இருந்து வடமேற்கு வரை இன்னொன்று. இரண்டு குறுக்கும் வேண்டும். ஒன்று கணக்குக்கு, மற்றது சோதனைக்கு.

துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். இரும்பு டேப் இருந்தால் நல்லது. கல்லின் நடுவில் இருந்து நடுவுக்கு. வேலியை வைத்து அளக்கக் கூடாது.

உட்லண்ட்ஸ் பையன் | மார்ச் 5, காலை 9.15

முக்கோணத்துக்கு இது போதும், கைப்பேசியிலேயே ஓடும். A2, B2, C2 மூன்று பக்கம், D2இல் பாதிச் சுற்றளவு, E2இல் பரப்பு.

```
D2: =(A2+B2+C2)/2
E2: =SQRT(D2*(D2-A2)*(D2-B2)*(D2-C2))
```

இரண்டு முக்கோணத்தையும் கூட்டிக்கொண்டு 435.6ஆல் வகுத்தால் சென்ட். அப்புறம் ஒரு சந்தேகம். "2 கிரவுண்டு 57.5 சதுர அடி" என்பதை நான் 2.575 என்று போட்டு 2,400ஆல் பெருக்கினேன், 6,180 வந்தது. சரியா?

செங்காங் மலர் | மார்ச் 5, மதியம் 1.05

தம்பி, அது புள்ளி இல்லை. 2 கிரவுண்டு, அது போக 57.5 சதுர அடி. தசமத்தில் 2.024 கிரவுண்டு. நீ போட்ட கணக்கில் எனக்கு மூன்று சென்ட் நிலம் சும்மா கிடைத்திருக்கிறது, நன்றி.

சிரித்துவிட்டு யோசித்தேன். சென்னைப் பக்கம் பழைய பத்திரங்களில் "1 கிரவுண்டு 320 சதுர அடி" என்றுதான் எழுதுகிறார்கள். இதை யாராவது 1.32 என்று எக்செல்லில் ஏற்றினால் 3,168 வரும், உண்மையில் 2,720தான். கிரவுண்டையும் மிச்ச அடியையும் தனித்தனிக் கட்டத்தில் போட வேண்டும்.

செங்காங் மலர் | மார்ச் 8, மாலை 5.30

ஞாயிற்றுக்கிழமை தம்பியும் மாமா மகனும் டேப்போடு போனார்கள். நான் இங்கே தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டே வீடியோ அழைப்பில் பார்த்தேன். வடமேற்குக் கல்லைக் கருவேல முள் மூடிவிட்டது. மாமா மகன் அரிவாளால் வெட்டிவிட்டு, மண்ணைக் காலால் தள்ளினான். கல்லின் தலையில் பெருக்கல் குறி மாதிரி கொத்தியிருந்தது. டேப்பின் வளையத்தை அந்தக் குறியின் நடுவில் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

பக்கங்கள் நாலும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றன, அங்குலம் முன்னே பின்னே. தென்மேற்கில் இருந்து வடகிழக்குக் குறுக்கு 106 அடி. மற்றது 90 அடி 9 அங்குலம்.

முதல் குறுக்கை வைத்தால்: 70, 71, 106 முக்கோணம் 2,464 சதுர அடி. 64, 74, 106 முக்கோணம் 2,331. கூட்டினால் 4,795.

இரண்டாவதை வைத்தால்: 70, 74, 90.75 முக்கோணம் 2,534. 71, 64, 90.75 முக்கோணம் 2,261. கூட்டினால் அதே 4,795.

இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்தபோது, நிஜமாகவே தேக்கா சந்தையில் நின்று கத்திவிட்டேன். முருங்கைக்காய்க்காரர் பயந்துபோனார்.

4,795ஐ 435.6ஆல் வகுத்தால் 11.01 சென்ட். பத்திரத்தில் 11 சென்ட் என்று எழுதினவர் ஒழுங்காக அளந்துதான் எழுதியிருக்கிறார். தரகரின் சராசரி 62.5 சதுர அடி கூடுதல்.

டேப் தங்கராசு | மார்ச் 8, இரவு 8.40

அழகு. இரண்டு குறுக்கும் ஒத்துக்கொண்டால் அளவில் பெரிய பிசகு இல்லை என்று அர்த்தம். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏதோ ஒரு பக்கத்தைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது ஒரு கல் நகர்ந்திருக்கிறது. முதல் குறுக்கை 106க்குப் பதில் 105 என்று படித்திருந்தால் 4,810 வந்திருக்கும். ஒரு அடிக்கு 15 சதுர அடி. ஆனால் அப்போது மற்ற குறுக்கோடு இடித்துக் காட்டிக் கொடுத்திருக்கும்.

எல்லோரும் 435ஆ 435.6ஆ என்று சண்டை போடுகிறீர்கள். 11 சென்ட்டுக்கு அதில் வரும் வித்தியாசம் 6.6 சதுர அடி. உங்கள் மனையின் சுற்றளவு 279 அடி. நாலு பக்க வேலியும் ஒரு அங்குலம் வெளியே தள்ளி நட்டிருந்தால் 23 சதுர அடி கூடிவிடும். வாய்பாட்டில் ஐந்து தசமம் போடுகிறவர் வேலியை அளந்து என்ன பிரயோஜனம்?

ஈசூன் பெரியவர் | மார்ச் 8, இரவு 9.20

ஆக என் ரெண்டு கிரவுண்டு 4,800, உங்கள் அளவு 4,795. ஐந்து சதுர அடி! இத்தனை முக்கோணம் போட்டு ஐந்து சதுர அடி. நான் முதல் நாளே சொன்னேன்.

செங்காங் மலர் | மார்ச் 8, இரவு 9.34

பரப்பில் உங்கள் கணக்கு நெருக்கம்தான் ஐயா. ஆனால் அதை 2,200ஆல் பெருக்கச் சொல்லியிருந்தால் ஒரு லட்சத்து பத்தாயிரம் போயிருக்கும். எதில் விலை பேசினாரோ அதிலேயே கணக்கை முடிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. சென்ட்டில் விலை சொன்னால் சென்ட்டில். அடிக்கு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 2,180.9 என்று புள்ளியோடு போட வேண்டும். அல்லது விலையையே அடிக்கணக்கில் புதிதாகப் பேச வேண்டும்.

துவாஸ் பாண்டி | மார்ச் 9, காலை 7.00

என் முக்கால் சென்ட்டை யாரும் கண்டுகொள்ளவில்லை.

டேப் தங்கராசு | மார்ச் 9, மதியம் 12.15

பாண்டி, குழி எத்தனை அடிக் கோலால் அளந்தது என்று பத்திரத்தில் பாருங்கள். 12 அடிக் கோல் என்றால் குழி 144 சதுர அடி, மா 14,400. இரண்டு மா 28,800, அது 66.1 சென்ட். தம்பி சொன்னது அதுதான். மூன்று மா ஒரு ஏக்கர் என்பது சுமாரான பேச்சு. மூன்று மா சேர்ந்தாலும் 99.17 சென்ட்தான், ஏக்கருக்குக் கொஞ்சம் குறையும். ஆனால் குழி ஊருக்கு ஊர் மாறும். உங்கள் பாட்டனார் ஊர்க் கோல் 12 அடிதானா என்பதை நான் இங்கே இருந்து சொல்ல முடியாது. தம்பியோடு பேசுங்கள், அவர் மேல் தப்பு இருக்கிற மாதிரி தெரியவில்லை.

துவாஸ் பாண்டி | மார்ச் 9, மதியம் 12.22

பத்திரம் அவனிடம்தான் இருக்கிறது. அதுதான் பிரச்சினையே.

செங்காங் மலர் | மார்ச் 10, இரவு 10.45

தங்கராசு அண்ணன் சொன்னபடியே நடந்தது. தரகரிடம் இரண்டு குறுக்கையும் அனுப்பினேன். சராசரிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகப் பட்டாவுக்குத் தாவிவிட்டார். "கவர்மெண்ட் ரெக்கார்டே 450 மீட்டர் சொல்லுது, 4,844 அடி, 11.12 சென்ட், அதுக்குப் போடுங்க." உரிமையாளர் சொன்ன சென்ட் விலையிலேயே போட்டாலும் 1,13,700 ரூபாய் சுமார் கூடும்.

புலப்படத்தையும் அதே தளத்தில் எடுத்தேன். மீட்டரில் 21.4, 21.6, 19.6, 22.6 என்று இருக்கிறது. அடிக்கு மாற்றினால் பத்திரத்தின் பக்கங்களோடு நாலு அங்குலத்துக்குள் ஒத்துப்போகிறது. அதற்குமேல் அதிலிருந்து பிழிய முடியாது, ஒரு தசமம் மீட்டர் என்றாலே நாலு அங்குலம் ஆகிவிடுகிறதே.

எங்கள் குடும்பத்தின் மற்ற பட்டாக்களையும் எடுத்துப் பார்த்தேன். ஏர் கட்டத்தில் எல்லாமே .00 அல்லது .50இல்தான் முடிகிறது. எல்லா நிலமும் அப்படிக் கச்சிதமாக அரை ஏரில் வந்து நிற்குமா? 11 சென்ட் என்பது 4.45 ஏர். அதை முழுசாக்கினால் 4.50. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஈசூன் பெரியவர் | மார்ச் 11, காலை 8.10

பட்டா அரசாங்கப் பதிவு. அதில் இருக்கிறதை நீங்கள் முழுசாக்கினது என்று தள்ளிவிட முடியாது. நாளைக்கு நீங்கள் விற்கும்போது நீங்களும் 450 மீட்டர் என்றுதானே சொல்வீர்கள்? இப்போது கொடுத்துவிட்டால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

டேப் தங்கராசு | மார்ச் 11, இரவு 9.00

ஐயா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பட்டா 450 என்று இருப்பது மலருக்கு நல்லது, ஏனென்றால் பத்திரத்தில் எழுதும் பரப்பு பட்டாவுக்குள் அடங்கிவிடுகிறது. தலைகீழாக இருந்திருந்தால், அதாவது பட்டாவில் 10 சென்ட், பத்திரத்தில் 11 சென்ட் என்றால், அந்த ஒரு சென்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

ஆனால் காசு கொடுப்பது தரையில் இருக்கும் இடத்துக்கு. கல்லுக்குக் கல் 4,795 இருக்கிறது. மிச்ச 49 சதுர அடி எங்கே என்று தரகரைக் காட்டச் சொல்லுங்கள். கிழக்கே உங்கள் வீடு, தெற்கே தெரு. எந்தப் பக்கம் போய் எடுப்பார்?

தகராறு முற்றினால் அரசு நில அளவரை வைத்து அளக்க மனுப் போடலாம். பக்கத்து நிலக்காரர்களுக்கும் தகவல் போகும், அவர்கள் முன்னால் அளப்பார்கள். கல் காணாமல் போயிருந்தாலோ, பக்கத்துக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டாலோ அதைச் செய்தே ஆக வேண்டும். உங்களுக்கு நாலு கல்லும் இருக்கிறது, குறுக்கும் ஒத்துப்போகிறது. இந்த 49 அடிக்காக அதைச் செய்ய வேண்டுமா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நான் செய்ய மாட்டேன்.

ஈசூன் பெரியவர் | மார்ச் 11, இரவு 9.18

நான் செய்வேன். ஒரு கோடி ரூபாய்ச் சொத்துக்கு அளவர் வராமல் முன்பணம் கொடுக்க மாட்டேன்.

செங்காங் மலர் | மார்ச் 14, இரவு 11.00

தரகரை விட்டுவிட்டு அம்மா நேராக உரிமையாளர் வீட்டுக்கே போய்ப் பேசிவிட்டார். அவருக்கு அடிக்கணக்கே தெரியவில்லை. "நான் பதினோரு சென்ட்டு வாங்குனேன், பதினோரு சென்ட்டு விக்கிறேன்" என்று சொன்னாராம். 2,200 என்ற எண்ணை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அப்படியானால் அந்த 2,36,500 யாருக்குப் போக இருந்தது என்று இங்கே யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது என்று வக்கீலிடம் பேசினேன். விலை அடிக்கு இவ்வளவு என்று எழுதவில்லை. மொத்தத் தொகை 1,04,50,000. நாலு பக்கத்தையும் இரண்டு குறுக்கையும் அடியில் எழுதி, பரப்பு 11 சென்ட், அதாவது 4,791.6 சதுர அடி, 445.15 சதுர மீட்டர் என்று ஒரே வரியில் மூன்று அலகிலும் வருகிறது. டேப் அளவில் வந்த மூன்றரை சதுர அடி உபரியை உரிமையாளர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பட்டாவின் 450ஐ என்ன செய்வது என்பதில் வக்கீலுக்கும் தங்கராசு அண்ணனுக்கும் ஒத்துப்போகவில்லை. பட்டாவில் கண்ட பரப்பையும் பத்திரத்தில் குறிப்பிட்டுவிடலாம் என்கிறார் வக்கீல். இரண்டு பரப்பு எழுதினால் பின்னால் வருகிறவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார் என்பது அண்ணன் கட்சி. கிரயத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. பெரியவர் ஐயா சொன்னதற்காக அம்மா நில அளவருக்கும் மனுப் போட்டிருக்கிறார், அதற்கு முன் முன்பணம் கொடுப்பதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறார்.

உட்லண்ட்ஸ் பையன் | மார்ச் 15, காலை 10.20

அக்கா, அந்த எக்செல் தாளில் ஏர், குழி, மா மூன்றுக்கும் கட்டம் சேர்த்துவிட்டேன். குழிக்குக் கோல் நீளம் கேட்கும். பாண்டி அண்ணன், உங்கள் தம்பியிடம் கோல் எத்தனை அடி என்று கேட்டுச் சொல்லுங்கள், போட்டுப் பார்க்கிறேன்.

துவாஸ் பாண்டி | மார்ச் 15, மதியம் 2.05

நேற்று ராத்திரி கூப்பிட்டேன். 12 அடிக் கோல்தானாம். பத்திரத்தைப் படம் எடுத்தும் அனுப்பிவிட்டான். ஆனால் அதில் வடக்கு எல்லை "சின்ன வாய்க்கால் வரை" என்று இருக்கிறது, வாய்க்கால் இப்போது இல்லை. தங்கராசு அண்ணே, இதற்குப் புது இழை தொடங்கட்டுமா?

டேப் தங்கராசு | மார்ச் 15, மதியம் 2.30

தொடங்குங்கள். புலப்படத்தையும் சேர்த்துப் போடுங்கள், வாய்க்கால் அதில் இருக்கும்.